ஒரு ஸ்லைடுக்கு எத்தனை சொல்? விளக்க வீடியோவில் பேச்சும் படமும் ஒரே நடையில் போக

திருக்கோவில் என்ற ஊரில் என் மாமா ஒருவர் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். பெரும்போக விதைப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, விதைநெல்லின் முளைதிறனை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி என்று ஏழு ஸ்லைடில் ஒரு வீடியோ செய்து அவருக்குக் காட்டினேன். நூறு நெல்மணியை எடுத்து, ஈரத்துணியில் அடுக்கி, சுருட்டி வைத்து, ஏழாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுகிற எளிய சோதனைதான் அது. மாமா திண்ணையில் இருந்து போனைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். நாலாவது ஸ்லைடில் அவர் முகம் சுருங்கியது. கடைசி ஸ்லைடில் ஒரு அட்டவணை வந்தது. அதன் முதல் வரியில் அவர் விரலை வைத்தார். இரண்டாவது வரிக்கு விரல் இறங்குவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது.

“எண்ணுறதுக்குள்ள படம் போயிட்டு மனே, கொஞ்சம் புடிச்சி வையன்” என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை நேரம் குறித்துப் பார்த்தேன். நாலாவது ஸ்லைடில் 118 சொற்களை 49 நொடிக்குள் பேசியிருந்தேன். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 2.4 சொல். மற்ற ஸ்லைடுகளில் என் பேச்சு நொடிக்கு ஒன்றரைச் சொல்லை ஒட்டித்தான் இருந்தது. கடைசி ஸ்லைடில் நாலு வரி அட்டவணை, அதற்கு நான் பேசியது வெறும் 14 சொல், 9 நொடி. ஒரே வீடியோவுக்குள் ஓரிடத்தில் காது திணறியிருக்கிறது, இன்னோரிடத்தில் கண் திணறியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு இடங்களையும் எப்படிச் சரிசெய்தேன் என்பதைப் பற்றியது. ஸ்லைடுகளை வரிசையாகக் காட்டிக் குரல் சேர்க்கிற எந்த வீடியோவுக்கும் இதே கணக்குப் பொருந்தும். பாட வீடியோ செய்கிற ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நடை சீராக இருக்க வேண்டும் என்றால் எல்லா ஸ்லைடும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்லைடுக்கு 30 நொடி என்று வகுத்துக்கொண்டு, அதற்குள் பேச்சை அடைக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் நடக்கிறது நேர்மாறானது. சொல்ல நிறைய உள்ள ஸ்லைடில் குரல் ஓடும், சொல்ல ஒன்றுமில்லாத ஸ்லைடில் குரல் இழுபடும். பார்ப்பவருக்குச் சீராகத் தெரிவது பேசுகிற வேகம்தான். தலைப்பு ஸ்லைட் 8 நொடியில் போனாலும், கணக்கு விளக்குகிற ஸ்லைட் 35 நொடி நின்றாலும் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். குரல் திடீரென்று ஓடத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும். ஆகவே பேச்சின் வேகத்தை முதலில் நிலையாக வைத்துக்கொண்டு, அந்த வேகத்துக்கு ஏற்றபடி ஸ்லைடுகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் வேலை.

அதற்கு உங்கள் வேகம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 130 சொல், 150 சொல் என்று இணையத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு, நமக்கு உதவாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்வதைத் தமிழில் ‘முளைத்திருக்கிறதா’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சொல் நீளமானதால் நிமிடத்துக்கு வருகிற சொற்களின் எண்ணிக்கை குறையும். அந்த 150ஐ நம்பித் தமிழில் எழுதினால் மூச்சுவிட இடமில்லாத பேச்சுத்தான் கிடைக்கும்.

அளக்கிற முறை எளிது. நீங்கள் பேசப்போகிற எழுத்திலேயே இரண்டு மூன்று ஸ்லைடுக்கு உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைச் செய்தியை வாசித்து அளக்க வேண்டாம், அதை வாசிக்கிற வேகம் வேறு. முதலில் ஒரு தடவை சும்மா வாசித்து வாயைப் பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை, முன்னால் ஒருவர் இருந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு, போனில் ஒலியைப் பதிந்தபடி வாசியுங்கள். நான் மாமாவை நினைத்துக்கொண்டு வாசித்தேன். 192 சொற்களுக்கு இரண்டு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 96, நொடிக்கு 1.6. எனக்கு இதுதான் எண். உங்களுக்கு 1.4 வரலாம், 1.8 வரலாம். எதுவாக இருந்தாலும் அதைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கணக்கு எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சொற்களை நீங்கள் உட்கார்ந்து எண்ணத் தேவையில்லை. Word கோப்பில் ஒரு பகுதியைத் தெரிவுசெய்தால் கீழே இடது மூலையில் அதன் சொல் எண்ணிக்கை வரும். Google Docs என்றால் தெரிவுசெய்துவிட்டு Ctrl+Shift+C அழுத்தினால் போதும். தமிழில் ‘செய்ய வேண்டும்’ என்று பிரித்தும் எழுதலாம், ‘செய்யவேண்டும்’ என்று சேர்த்தும் எழுதலாம். எண்ணிக்கை அதற்கேற்ப மாறும். எப்படி எழுதினாலும் சரி, வேகத்தை அளந்த எழுத்திலும் மற்ற ஸ்லைடுகளிலும் ஒரே பழக்கத்தில் எழுதியிருந்தால் கணக்குப் பிசகாது.

அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள்:

சொற்கள் ÷ 1.6 = நொடிகள்

என் ஏழு ஸ்லைடுக்கும் போட்டபோது வந்தது இது. தலைப்பு 12 சொல், ஏழரை நொடி. ஏன் சோதிக்க வேண்டும் என்பது 62 சொல், 39 நொடி. நூறு மணியைத் தெரிந்தெடுப்பது 48 சொல், 30 நொடி. துணியில் அடுக்கிச் சுருட்டுவது 118 சொல், 74 நொடி. ஈரம் காயாமல் வைத்திருப்பது 21 சொல், 13 நொடி. எண்ணிக் கணக்குப் பார்ப்பது 96 சொல், 60 நொடி. எவ்வளவு விதைப்பது என்ற அட்டவணை 14 சொல், 9 நொடி.

இந்த ஏழு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் மாமாவின் முகம் சுருங்கிய இடம் தானாகத் தெரிகிறது. என் வாயில் இயல்பாக வரும் பேச்சுக்கு நாலாவது ஸ்லைட் 74 நொடி கேட்கிறது. நான் பதிவில் கொடுத்தது 49 நொடி. ஏன் அப்படி ஓடினேன்? பேசுகிறவரும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே படம் அரை நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றால் அவருக்கே பொறுமை போய்விடும், கை அடுத்த ஸ்லைடுக்குத் துடிக்கும், குரல் ஓடும். ஆகவே மெதுவாகப் பேசப் பழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் பயனில்லை. படம் மாற வேண்டும்.

அந்த 118 சொல்லைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று வேலைகள் இருந்தன. துணியை நனைத்துப் பிழிவது ஒன்று, மணிகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது இன்னொன்று, சுருட்டிக் கட்டுவது மூன்றாவது. எழுதும்போது இவை மூன்றும் ஒரே வேலையாகத் தெரிந்திருக்கின்றன. செய்கிறவருக்கு ஒவ்வொன்றும் தனி. ஆகவே மூன்று படம் எடுத்தேன். பழைய சாரம் ஒன்றைக் கிழித்த துணி, பிழிந்த பிறகு விரலால் அழுத்தினால் தண்ணீர் சொட்டாமல் ஈரம் மட்டும் தெரிகிற நிலையில். பத்து வரிசையில் பத்துப் பத்து மணி, மேலிருந்து எடுத்தது. சுருட்டி இரண்டு முனையும் தளர்வாகக் கட்டிய சுருள். பேச்சை ஒரு சொல்லும் குறைக்காமல் 36, 44, 38 என்று வெட்டினேன். அவை முறையே 22, 27, 24 நொடி ஆயின.

ஒரு ஸ்லைடை எங்கே வெட்டுவது என்பதற்கு நான் வைத்திருக்கிற அடையாளம், பேச்சில் ‘அதுக்குப் பிறகு’, ‘இப்போது’ என்று வருகிற இடம். அங்கே கேட்பவரின் மனம் ஏற்கெனவே புதிய படத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. வாக்கியத்தின் நடுவில் ஸ்லைட் மாறினால், காதில் பழைய விஷயமும் கண்ணில் புதிய விஷயமும் மோதும்.

எத்தனை நொடி வரை ஒரு ஸ்லைட் நிற்கலாம் என்று கேட்பீர்கள். அசையாத ஒரு படம் என்றால் நான் 30 நொடியைத் தாண்ட விடுவதில்லை. தாண்டியே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஓர் அம்புக்குறியோ வட்டமோ ஒரு வரியோ புதிதாக வந்து சேரும்படி செய்வேன். கீழ் எல்லைக்கு எண் வைப்பதைவிட ஸ்லைடைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. ஏனென்றால் கீழ் எல்லையைத் தீர்மானிப்பது கண், காது அல்ல.

அதுதான் கடைசி ஸ்லைடில் நடந்தது. 9 நொடி என்பது ஒரு சுருளின் படத்துக்குப் போதும். நாலு வரி, மூன்று நிரல் கொண்ட அட்டவணைக்குப் போதாது. இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் விரலால் தொட்டு மனதுக்குள் மெதுவாக வாசியுங்கள். நேரத்தைப் பாருங்கள். பேச்சின் நேரம் அந்த விரல் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த ஸ்லைட் பார்ப்பவர் கையில் நிற்காது. என் அட்டவணைக்கு விரல் நேரம் 26 நொடி வந்தது, பேச்சு 9 நொடி. ஸ்லைடைத் தயாரித்தவருக்கு உள்ளே இருப்பது எல்லாம் மனப்பாடம் என்பதால் விரல் வைக்காமல் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இப்படி ஆகும்போது இரண்டு வழி இருக்கிறது. பேச்சு முடிந்த பிறகும் படத்தை மௌனமாக நிறுத்தி வைக்கலாம், அல்லது படத்தில் உள்ளதைக் குறைத்துப் பேச்சைக் கூட்டலாம். மௌனம் இரண்டு மூன்று நொடிக்குத் தாங்கும். 17 நொடி மௌனம் என்றால் போன் நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டத் தொடங்குவார்கள். ஆகவே அட்டவணையைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு உதாரணத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன். நூறுக்கு 85 முளைத்தால் வழக்கமான அளவு விதைக்கலாம். 68தான் முளைத்தது என்றால் 85ஐ 68ஆல் பிரிக்க வேண்டும், 1.25 வரும். ஏக்கருக்கு 2 புசல் விதைக்கிறவர் இரண்டரைப் புசல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடவும் மோசமாக இருந்தால் வேறு விதை தேடுவதே நல்லது. இதை வரி வரியாகத் திரையில் வரவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் கூடவே பேசினேன். 52 சொல், முப்பத்திரண்டரை நொடி. திரையில் எது இருக்கிறதோ அதையே குரலும் சொல்வதால் கண்ணும் காதும் ஒன்றாக நகர்கின்றன.

மூன்றாவது ஒரு சிக்கல் எனக்குக் கணக்கில் தெரியவில்லை, பதிவு செய்தபோதுதான் தெரிந்தது. எண்ணிக் கணக்குப் பார்க்கிற ஸ்லைடுக்கு 96 சொல், 60 நொடி என்று போட்டிருந்தேன் அல்லவா? நிதானமாக வாசித்தால் ஒவ்வொரு தடவையும் 71 நொடி வந்தது. குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. கடைசியில் பிடிபட்டது, எண்கள்தான் காரணம். ‘85%’ என்று எழுதினால் கணினி அதை ஒரு சொல் என்று எண்ணும். வாய் ‘எண்பத்தைந்து வீதம்’ என்று சொல்லும். ‘1.25’ ஒரு சொல், வாயில் ‘ஒன்று தசம் இரண்டு ஐந்து’ என்று நாலு சொல். ஆண்டுகள் இன்னும் மோசம், ‘2024’ என்பது ‘இரண்டாயிரத்து இருபத்து நான்கு’. அந்த ஸ்லைடின் எண்களையெல்லாம் எழுத்தால் விரித்து எழுதிப் பார்த்தபோது 114 சொல் வந்தது. 1.6ஆல் பிரித்தால் 71 நொடி. ஆகவே பேசுவதற்கென்று எழுதும் பிரதியில் எண்களை எப்போதும் எழுத்தில் எழுதிவிடுங்கள். கி.கி., செ.மீ. போன்ற சுருக்கங்களையும் விரித்துவிடுங்கள். திரையில் வேண்டுமானால் 85 என்றே இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எண்கள் வருகிற இடத்தில் தமிழில் ஓடவே கூடாது. அறுபது, எழுபது, எண்பது மூன்றும் வேகமாகச் சொன்னால் போன் ஸ்பீக்கரில் ஒன்றுபோலவே கேட்கும், வால் ஒன்றுதானே. ‘எழுபது முளைத்தால்’ என்று நான் சொன்னதை மாமி ‘எண்பது’ என்று கேட்டிருக்கிறார். விதைநெல் வாங்குகிறவருக்கு அது ஏக்கருக்குக் கால் புசலுக்கு மேல் வித்தியாசம்.

அந்த ஸ்லைடையும் இரண்டாக வெட்டினேன். எந்த முளையை எண்ணலாம், எதை விடவேண்டும் என்பது ஒன்று. வேரும் வந்து குருத்தும் வந்திருந்தால்தான் எண்ண வேண்டும், வேர் மட்டும் நீட்டிக்கொண்டு குருத்து இல்லாததை விட்டுவிட வேண்டும். அதற்கு 58 சொல், 36 நொடி. நடுவில் நல்ல முளை ஒன்றைச் சுற்றிப் பச்சை வட்டம், குறை முளையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரும்படி செய்தேன். கணக்கு இன்னொன்று, 56 சொல், 35 நொடி, அதிலும் வரிகள் ஒவ்வொன்றாகத்தான் வரும். இரண்டாவது ஸ்லைடில் நான் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லியிருந்தேன். அதைக் கழித்து 62ஐ 45 ஆக்கினேன், 28 நொடி. வெட்டக்கூடிய பேச்சு இருக்கும்போது படத்தைப் பெருக்கத் தேவையில்லை.

எல்லாம் முடிந்தபோது ஏழு ஸ்லைட் பத்து ஸ்லைடாகி, மொத்தம் 410 சொல் ஆனது. 256 நொடி, அதாவது 4 நிமிடம் 16 நொடி.

இனிப் பதிவு. நான் முதல் தடவை செய்த தவறு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் பேசி, பேசிக்கொண்டே ஸ்லைடை மாற்றியது. அப்படிச் செய்தால் ஒரு இடத்தில் நாக்குப் பிசகினாலும் மனம் பதறி, அடுத்த ஸ்லைடில் வேகம் கூடிவிடும். பவர்பாய்ண்டில் நேரடியாகப் பதிவுசெய்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததுக்கு மாறும் அசைவு நடக்கிற நேரத்தில் அது குரலைப் பதிவதில்லை. பேசிக்கொண்டே அம்புக்குறியை அழுத்தினால் முதல் சொல்லின் தலை போய்விடும். அழுத்தி, படம் வந்து நின்ற பிறகு வாயைத் திறக்க வேண்டும்.

இப்போது ஸ்லைடுக்கு ஒரு ஒலிக்கோப்பு என்று தனித்தனியாகப் பதிகிறேன். 01, 02 என்று எண் போட்டே பெயர் வைக்கிறேன். காலையில் ‘பாண்’ விற்கிற முச்சக்கரவண்டி அந்தப் பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் வரும். முன்பு அது வந்தால் முழுப் பதிவும் வீண், இப்போது ஒரு 27 நொடித் துண்டை மட்டும் திரும்பப் பேசினால் போதும். பதிந்த ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் உள்ள வெறுமையைக் கேட்டுச் சமப்படுத்துவேன். பேச்சுக்கு முன் அரை நொடி, பேச்சுக்குப் பின் ஒரு நொடி. படம் வந்தவுடன் கண் அதைப் பிடித்துக்கொள்ள அந்த அரை நொடி வேண்டும். கடைசிச் சொல் காதில் தங்க அந்த ஒரு நொடி வேண்டும். இந்த அளவு எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஓரிடத்தில் அரை நொடியும் இன்னோரிடத்தில் மூன்று நொடியும் இருந்தால், பேச்சு வேகம் சரியாக இருந்தும் வீடியோ நொண்டுவதுபோல் இருக்கும். பத்து ஸ்லைடுக்கும் ஒன்றரை நொடி வீதம் 15 நொடி கூடி, என் வீடியோ மொத்தம் 4 நிமிடம் 31 நொடி என்று கணக்கானது.

துண்டுகள் கையில் வந்ததும் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டின் உண்மையான பேச்சு நேரத்தையும் நீங்கள் போட்ட கணக்கின் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு முதல் ஐந்து துண்டும் ஒரு நொடி முன்னே பின்னே வந்தன. எட்டாவதும் ஒன்பதாவதும் 36, 35 நொடிக்குப் பதிலாக 31, 30 என்று வந்தன. நொடிக்கு 1.6 ஆக இருந்த வேகம் 1.9 ஆகியிருந்தது. தொண்டை களைத்திருக்கிறது, முடித்துவிட்டு எழும்பலாம் என்ற எண்ணமும் இருந்திருக்கும். தனியாக அந்தத் துண்டைக் கேட்டால் எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டாவது துண்டைப் போட்டு உடனே எட்டாவதைப் போட்டுக் கேட்டபோதுதான் வேறொரு ஆள் பேசுவதுபோல் இருந்தது. மறுநாள் காலையில், பதிவைத் தொடங்குமுன் இரண்டாவது துண்டைப் பத்து நொடி கேட்டு, அந்த நடையைக் காதில் ஏற்றிக்கொண்டு இரண்டையும் திரும்பப் பேசினேன்.

ஓடிய துண்டை மென்பொருளில் மெதுவாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். Audacityயில் Change Tempo என்று ஒன்று இருக்கிறது, குரலின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும். ஒரு நொடி இரண்டு நொடி சரிக்கட்ட அதைப் பயன்படுத்தலாம். ஐந்தாறு நொடியை இழுத்தால் குரலில் ஒரு ரப்பர்த்தன்மை வந்துவிடும். ஓடிப் பேசும்போது நாம் விழுங்கிய எழுத்துகளும் அதில் திரும்பி வராது. விழுங்கினது விழுங்கினதுதான், திரும்பப் பேச வேண்டும்.

கடைசியாக ஸ்லைடுகளுக்கு நேரம் கொடுப்பது. பவர்பாய்ண்டில் ஒவ்வொரு ஸ்லைடிலும் அதற்குரிய ஒலிக்கோப்பைச் சேர்த்து, Playback பகுதியில் Start என்பதை Automatically என்று வையுங்கள். பிறகு Transitions பகுதிக்குப் போய் After என்ற பெட்டியில் சரி அடையாளம் போட்டு, ஒலிக்கோப்பின் முழு நீளத்தை எழுதுங்கள். 27 நொடிப் பேச்சும் ஒன்றரை நொடி வெறுமையும் என்றால் 00:28.50. வீடியோவாக ஏற்றுமதி செய்யும்போது Use Recorded Timings and Narrations என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். நேரம் எழுதாமல் விட்ட ஸ்லைட் ஏதாவது இருந்தால் அதற்கு அந்தப் பக்கத்தில் உள்ள பொது நேரம் போய்விடும். வழக்கமாக அது 5 நொடி. ஏற்றுமதி ஆன வீடியோவின் மொத்த நீளத்தை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். எனக்கு 4:31க்குப் பதிலாக 4:07 வந்தது. 24 நொடி குறைவதால், 29 நொடி நிற்க வேண்டிய ஏதோ ஒரு ஸ்லைட் 5 நொடியில் போயிருக்கிறது என்று திறந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. மணிகளை அடுக்குகிற ஸ்லைடில் After பெட்டி வெறுமையாக இருந்தது.

திருத்திய வீடியோவை மாமாவிடம் கொண்டுபோனேன். கடைசி ஸ்லைடில் வரிகள் வர வர அவர் விரலும் கூடவே இறங்கியது. இரண்டரைப் புசல் என்ற வரியில் நின்று, தலையாட்டினார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, “இப்ப வெட்டின நெல்ல உடன இப்பிடிப் பாத்தா சரியா வருமா மனே?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. புதிதாக வெட்டிய நெல் சில நேரம் உறக்கத்தில் இருக்கும், உயிர் இருந்தும் முளைக்காது. அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. அன்றிரவே ஒரு ஸ்லைடுக்கு எழுதினேன். 40 சொல், 25 நொடி. நூறு மணியைத் தெரிந்தெடுக்கிற ஸ்லைடுக்கு முன்னால் அதை வைத்து, 26.5 என்று நேரம் கொடுத்தேன். மற்றப் பத்துத் துண்டிலும் கை வைக்கவில்லை.